கைபேசியில் பறவைக்குரல் சரியாகப் பதியாதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அல்சூரிலும் முருகேஷ்பாளையத்திலும் இருக்கும் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூர் சாலைப் பக்கம் போய்ப் பறவைக்குரல் பதிந்துவிட்டு, மாலையில் அதை எனக்கு அனுப்பி, எங்கே தவறு நடந்தது என்று கேட்பது வழக்கம். பத்துப் பதிவுகளில் ஏழெட்டில் குறை ஒன்றுதான். பறவை பாடியிருக்கிறது, கைபேசியும் பதிந்திருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் நடுவே இருந்த தூரத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மீதிக் குறைகள் கைபேசியின் மென்பொருளாலும் காற்றாலும் வருபவை. ஒவ்வொரு குறையும் காதில் தனித்தனி விதமாகக் கேட்கும் என்பதால், கேட்கும் விதத்தை வைத்தே காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். எடுத்துக்காட்டாக, ஆனேக்கல் வட்டத்தில் ஒரு கிராமத்தில் நான் பதிந்த குண்டுகரிச்சானையே இக்கட்டுரை முழுவதும் வைத்துக்கொள்கிறேன். கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு உட்காரும் இந்தப் பறவையைப் பெங்களூருவில் மரம் உள்ள எந்தத் தெருவிலும் பார்க்கலாம். எனவே நான் சொல்வதை வீட்டருகிலேயே செய்து பார்க்க முடியும்.

அறிகுறி: பறவை மெலிதாகக் கேட்கிறது, ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் முன்னால் நிற்கிறது

இந்தப் பதிவைக் கேட்டதும் எல்லோரும் முதலில் செய்வது ஒலியளவைக் கூட்டுவதுதான். கூட்டினால் பறவையும் உயரும், இரைச்சலும் அதே அளவு உயரும். நமக்குத் தேவைப்படுவது இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி. அந்த இடைவெளி பதியும் நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது, பிறகு வீட்டில் உட்கார்ந்து அதை அகலப்படுத்த முடியாது.

திறந்த வெளியில் ஒலி பரவும் விதம் எளிமையானது. ஒலி எழும் இடத்துக்கும் நமக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் ஒலியளவு ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும், தூரம் பாதியானால் 6 டெசிபெல் கூடும். சுற்றுப்புற இரைச்சலோ எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. ஆகவே நாம் பத்தடி முன்னால் நகர்வதால் அது மாறாது. கைபேசியின் ஒலிவாங்கி தனக்குள்ளேயே எழுப்பும் மெல்லிய இரைச்சலும் மாறாது. பறவையை நெருங்கும்போது பறவையின் குரல் மட்டுமே உயர்கிறது.

அந்த ஏப்ரல் காலையில் குண்டுகரிச்சான் ஒரு புங்கமரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. வரப்பிலிருந்து, ஏறத்தாழ 16 மீட்டர் தள்ளி நின்று முதலில் பதிந்தேன். ஒலிமானியில் 0 என்பது கூரை. அதற்குக் கீழே எண் எவ்வளவு இறங்குகிறதோ ஒலி அவ்வளவு மெல்லியது என்று பொருள். என் திரையில் பறவையின் உச்சங்கள் −34 வரை வந்தன, பறவை மூச்சு வாங்கும் இடைவெளியில் பின்னணி −46 இல் நின்றது. ஆகப் பறவைக்கும் பின்னணிக்கும் இடைவெளி 12 டெசிபெல். பறவை பறந்து போகட்டும் என்று காத்திருந்து, மரத்திலிருந்து 8 மீட்டரில் இருந்த ஒரு கல்தூணின்மேல் கைபேசியை வைத்துவிட்டுப் பின்வாங்கினேன். அது திரும்பி வந்து பாடியபோது உச்சம் −28க்கு வந்தது, பின்னணி அசையவில்லை. கடைசியாக மரத்தின் அடியிலேயே, பாடும் கிளைக்கு 4 மீட்டர் கீழே இருந்த ஒரு கவைக்கொம்பில் செருகி வைத்தபோது உச்சம் −22 ஆயிற்று, இடைவெளி 24 டெசிபெல். முதல் பதிவை வீட்டில் 12 டெசிபெல் தூக்கினாலும் உச்சம் −22 தான் வரும், ஆனால் பின்னணியும் −34க்கு ஏறி வந்து பறவையின் அருகில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

‘அவ்வளவு கிட்டே போனால் பறவை பறந்துவிடாதா’ என்று கேட்பார்கள். நாம் போனால் பறந்துவிடும், கைபேசி போனால் பறக்காது. இனப்பெருக்கக் காலமான மார்ச் முதல் ஜூலை வரை ஆண் குண்டுகரிச்சான் தனக்குப் பிடித்த இரண்டு மூன்று இடங்களிலேயே நாள்தோறும் பாடும். முதல் நாள் காலை வெறுங்கையோடு போய் எந்தக் கிளை என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் பறவை எழும் முன்பே கைபேசியை அந்தக் கிளையின் கீழே வைத்து, பதிவைத் தொடங்கிவிட்டு, முப்பது நாற்பது அடி தள்ளிப் போய் அமைதியாக உட்கார வேண்டும். கூடு இருக்கும் பொந்தின் அருகில் மட்டும் வைக்கக் கூடாது. அதன் குரலையே ஒலிக்க விட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். வேறோர் ஆண் தன் எல்லைக்குள் புகுந்துவிட்டது என்று எண்ணி, அது இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். அப்போது பதிவாவது அதன் இயல்பான பாட்டும் அல்ல.

நேரமும் தூரத்தோடு சேர்ந்ததுதான். பெங்களூருவில் ஏப்ரல் நடுவில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ 6.05 மணிக்கு. குண்டுகரிச்சான் அதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. 5.30க்கும் 6.00க்கும் இடையில் மற்றப் பறவைகள் அதிகம் கலக்காமல் அதன் குரல் தனியாகக் கிடைக்கும். 6.15க்கு மேல் சின்னான்களும் மைனாக்களும் காகங்களும் சேர்ந்துகொள்வதால், ஒரு பறவையின் குரலைத் தனியே பிரித்துத் தர வேண்டியவர்களுக்கு அந்த நேரம் உதவாது. முழுக் கிராமத்தின் விடியலைப் பதிய விரும்புகிறவர்களுக்கோ அதுவே சரியான நேரம்.

அறிகுறி: பாட்டின் நடுவே பின்னணி அமுங்கி எழுகிறது, அல்லது சில்வண்டின் ஒலி சில நொடிகளில் காணாமல் போகிறது

இது கைபேசியின் மென்பொருள் செய்யும் வேலை. கைபேசி மனிதப் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டது. பேச்சாளர் மெதுவாகப் பேசினால் தானே ஒலியளவைத் தூக்கும், உரக்கப் பேசினால் தானே இறக்கும். விடாமல் ஒரே சீராக ஒலிக்கும் எதையும் மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி அழிக்கப் பார்க்கும். தொலைபேசி உரையாடலுக்கு இது நல்லது. சில்வண்டுக்கும், விட்டுவிட்டு ஒரே தாளத்தில் ‘டுக் டுக்’ என்று தட்டும் செம்மார்புக் குக்குறுவானுக்கும் இது பெருங்கேடு.

இரண்டு சோதனைகளை வீட்டிலேயே செய்துவிடலாம். முதலாவது, ஓடும் மின்விசிறியின் அருகில் பதிவைத் தொடங்கிப் பத்து நொடி பேசாமல் இருந்துவிட்டு, கைபேசிக்கு அருகில் ஒருமுறை பலமாகக் கைதட்டி, மீண்டும் பத்து நொடி பேசாமல் இருக்க வேண்டும். கேட்கும்போது கைதட்டலுக்குப் பிறகு மின்விசிறியின் ஒலி ஒரு கணம் தாழ்ந்து, ஒன்றிரண்டு நொடிகளில் மெல்ல ஏறி வந்தால், ஒலியளவைத் தானே மாற்றும் வசதி இயங்குகிறது. இரண்டாவது, தண்ணீர்க் குழாயைச் சீராகத் திறந்துவிட்டு அரை நிமிடம் பதிய வேண்டும். முதல் இரண்டு மூன்று நொடிகள் தெளிவாக இருந்து, பிறகு தண்ணீர் ஒலி மங்கியோ, தகர டப்பாவுக்குள் கேட்பதுபோல் மாறியோ போனால், இரைச்சல் நீக்கும் வசதி இயங்குகிறது.

தீர்வு பதியும் செயலியில்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஒலியை எந்த வழியாக எடுப்பது என்று தேர்ந்தெடுக்க விடும் செயலியாகப் பார்த்து நிறுவ வேண்டும். அமைப்புகளில் `Unprocessed` என்று ஒரு தேர்வு இருந்தால் அதையே எடுங்கள், ஆண்ட்ராய்டு 7 முதல் இதற்கு இடம் உண்டு. அது இல்லாத கைபேசியில் `Voice recognition` என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். பெயரைப் பார்த்தால் பேச்சுக்கானது என்று தோன்றும். உண்மையில், பேச்சை எழுத்தாக்கும் செயலிகளுக்குத் திருத்தப்படாத ஒலி வேண்டும் என்பதால், அந்த வழியில் இரைச்சல் நீக்கமும் தானியங்கி ஒலியளவும் அணைந்திருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் விதி. ஐபோனில் `Voice Memos` செயலியின் அமைப்புகளில் ஒலித்தரத்தை `Compressed` என்பதிலிருந்து `Lossless` என்பதற்கு மாற்ற வேண்டும், `Enhance Recording` என்பதைத் தொடக் கூடாது. மாற்றிய பிறகு கைதட்டல் சோதனையையும் குழாய்ச் சோதனையையும் மறுபடி செய்து பார்ப்பது அவசியம், ஏனெனில் தேர்வைக் காட்டிவிட்டு உள்ளே பழைய வழியிலேயே பதியும் கைபேசிகளையும் நான் கண்டிருக்கிறேன்.

இதோடு சேர்த்துக் கோப்பின் வகையையும் பார்த்துவிடுங்கள். WAV, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 346 மெகாபைட் ஆகும். மாறாக, 8 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எதுவும் கோப்பில் இருக்காது. குண்டுகரிச்சானின் உயர்ந்த சீழ்க்கைகள் அங்கேயே வெட்டுப்பட்டு, பாட்டு போர்வைக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். கணினியில் `Audacity` மென்பொருளில் கோப்பைத் திறந்து `Spectrogram` காட்சிக்கு மாற்றினால், ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே கத்தியால் அறுத்ததுபோல் ஒன்றுமே இல்லாமல் இருப்பது கண்ணுக்கே தெரியும்.

அறிகுறி: அடியில் ஓர் உறுமல் ஓடிக்கொண்டே இருக்கிறது

உறுமலில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு. ‘புடு புடு’ என்று ஒழுங்கில்லாமல் வந்து வந்து நின்று, ஒலிமானியைத் திடீரென மேலே தள்ளினால் அது காற்று. ஏற்ற இறக்கம் இல்லாமல் நீண்டு ஓடினால் அது சாலை, அல்லது எங்கோ ஓடும் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்.

காற்று ஒலிவாங்கியின் துளையில் நேரடியாக மோதுவதால்தான் அந்த ஒலி எழுகிறது. கைபேசியைக் காலுறைக்குள் போடுவது பலர் சொல்லும் வழி. அது ஓரளவுதான் உதவும், ஏனெனில் துணி துளையின்மேல் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. துணிக்கும் துளைக்கும் நடுவே நாலு விரற்கடையாவது அசையாத காற்று இருக்க வேண்டும். நான் ஒரு சிறிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பழைய கம்பளிச் சால்வைத் துண்டு ஒன்றைச் சுற்றித் தைத்து வைத்திருக்கிறேன். கைபேசி கூடைக்குள் பஞ்சுத் துண்டின்மேல் எதையும் தொடாமல் கிடக்கும். துணி வாயால் ஊதினால் மூச்சு எளிதில் புகும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். மூச்சு புகாத துணி பறவையின் உயர்ந்த குரலையும் தடுத்துவிடும். பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம், பனித்துளி விழும் ஒவ்வொரு முறையும் அது சரசரக்கும்.

சாலை உறுமல் இன்னும் சிக்கலானது. ‘விடியற்காலையில் ஊரே அமைதியாக இருந்ததே, ஓசூர் நெடுஞ்சாலை லாரி இவ்வளவு தெளிவாக எப்படிக் கேட்கிறது’ என்று குழம்புவார்கள். இரவு முழுதும் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்போது, மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே திரும்பி வருகிறது. பகலில் கேட்காத தூரத்துச் சாலை விடியலில் கேட்பதற்கு இதுதான் காரணம். வெயில் ஏறித் தரை சூடானால் அது குறையும், ஆனால் அதற்குள் பாட்டு முடிந்திருக்கும். ஆகவே கைபேசிக்கும் சாலைக்கும் நடுவே ஏரிக்கரையோ மண்மேடோ வீட்டுச் சுவரோ வரும்படி இடத்தைத் தேர்ந்தெடுப்பதே வழி.

அதற்கும் மிஞ்சிய உறுமலை வீட்டில் வந்து `Audacity` மென்பொருளின் `High-Pass Filter` கொண்டு நீக்கலாம். குண்டுகரிச்சானின் பாட்டில் பெரும்பகுதி 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால், 500 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டினால் பறவைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதே கோப்பில் செம்போத்து ‘ஊப் ஊப்’ என்று கூவியிருந்தால், அந்தக் குரல் உறுமல் இருக்கும் அதே தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. வடிகட்டி செம்போத்தையும் சேர்த்தே விழுங்கிவிடும். எந்தக் கோப்பிலும் மூலத்தைத் தொடாமல் படியெடுத்து அதில் மட்டும் வேலை செய்யும் பழக்கம் இதற்காகத்தான்.

அறிகுறி: ஒலி உடைந்து கரகரக்கிறது

உச்சங்கள் 0வைத் தொட்டிருந்தால் காரணம் வெளிப்படை. ஒலியளவைக் குறைத்து, உச்சங்கள் −12ஐ ஒட்டி நிற்கும்படி வைத்தால் திடீரென்று எழும் ஒலிக்கும் இடம் இருக்கும். குழப்பம் தருவது வேறொரு நிலை. ஊர்த் திருவிழாவில் தமட்டை அடிப்பவர்களின் அருகில் நின்று பதிந்தபோது, திரையில் உச்சம் −6 ஐத் தாண்டவே இல்லை, கேட்டால் ஒவ்வோர் அடியும் கிழிந்த துணிபோல் இருந்தது. ஒலியலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் மேடுகள் −6 என்ற கோட்டிலேயே தட்டையாக வெட்டுப்பட்டிருந்தன. ஒலியளவை இறக்கும் முன்பே ஒலிவாங்கி தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்பதே இதன் பொருள். கைபேசிகளில் இருக்கும் சிறிய ஒலிவாங்கிகள் பெரும்பாலும் 120 டெசிபெல் ஒலியழுத்தத்தை ஒட்டியே திணறத் தொடங்குகின்றன. இங்கே திரையில் எதை மாற்றினாலும் பயனில்லை, காலால் நடந்து விலகுவதுதான் மருந்து. 2 மீட்டரில் கிழிந்த ஒலி 8 மீட்டரில் 12 டெசிபெல் குறைந்து முழுமையாக வந்தது.

இதற்கு நேர்மாறானது திரிகை. அதே ஊரில் விடியலில் கேழ்வரகு அரைக்கும் பாட்டி ஒருவரிடம் அனுமதி கேட்டபோது, “நான் பேசாம இருக்கணுமா கண்ணு?” என்று கேட்டார். “அரைக்கறதுக்கு முன்னாடி பேசிடுங்க பாட்டி, அதுவும் வேணும்” என்றேன். கல்லின் கரகரப்பு உடைந்த ஒலிபோலவே இருப்பதால், பதிவில் இருப்பது கல்லா குறையா என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும். பாட்டியின் பேச்சு தெளிவாக இருந்து, கல் மட்டும் கரகரத்தால் பதிவு சரியானது. கைபேசியைத் திரிகை இருக்கும் தரையிலேயே வைக்காமல், மடித்த சாக்கின்மேல் ஒரு மீட்டர் தள்ளி வைத்தேன். தரையில் வைத்தால் அதிர்வு நேராகக் கைபேசியின் உடம்பில் ஏறி, ஒலிக்குப் பதில் ஒரு தடதடப்பே பதியும்.

அறிகுறி: ஒலி மூடியதுபோல் இருக்கிறது, அல்லது பாதியில் நின்றுவிட்டது

மூடியதுபோல் இருந்தால் முதலில் கைபேசியின் உறையைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான கைபேசிகளில் முதன்மை ஒலிவாங்கி மின்னேற்றும் துளையின் பக்கத்தில் இருக்கிறது. பதிவு ஓடும்போது கீழ் விளிம்பு நெடுகிலும் நகத்தால் மெல்லச் சுரண்டினால், எந்த இடத்தில் ஒலி மிகப் பெரிதாகக் கேட்கிறதோ அங்கேதான் துளை இருக்கிறது. அந்த விளிம்பு பறவையை நோக்கி, திறந்த பக்கமாக இருக்கட்டும்.

பாதியில் நின்றால் அழைப்பு வந்திருக்கும், அல்லது திரை அணைந்ததும் மின்கலத்தைச் சேமிக்க வேண்டி கைபேசியே செயலியை நிறுத்தியிருக்கும். விமானப் பயன்முறையில் வைத்து, பதியும் செயலிக்கு மட்டும் மின்கலச் சேமிப்பிலிருந்து விலக்கு அளித்து, முதல் நாள் இரவே திரையை அணைத்து ஒரு மணி நேரம் வீட்டில் ஓடவிட்டுப் பாருங்கள். காலையில் கோப்பு 346 மெகாபைட்டை ஒட்டி இருந்தால் மரத்தடியில் வைத்துவிட்டு நிம்மதியாக விலகலாம். பதிவின் முடிவில் இடம், நாள், மணி, பறவைக்கும் கைபேசிக்கும் இருந்த தூரம் ஆகியவற்றைக் குரலாகவே சொல்லி நிறுத்துங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது, ஒன்று ஏன் மெலிதாக இருக்கிறது என்பதற்கு அந்தத் தூரமே பதில் சொல்லிவிடும்.